கிளையண்ட் ஃபீட்பேக் ரவுண்டுல கார்ப்பரேட் வீடியோ ஸ்கிரிப்ட்டோட ஐடியா காணாம போகாம பாத்துக்கறது எப்படி

நான் எழுதுன மூணாவது கார்ப்பரேட் ஸ்கிரிப்ட் ஒம்பது வெர்ஷன் போச்சு. ஆறு பேர் ஆறு மெயில்ல கமெண்ட் அனுப்பினாங்க, ஒவ்வொண்ணையும் நான் நல்ல புள்ளையா அப்படியே உள்ள சேத்தேன், கடைசில வந்த வீடியோல ட்ரோன் ஷாட், கை குலுக்கறது, கண்ணாடி கட்டடம், நாலு பேர் லேப்டாப்ப பாத்து சிரிக்கறது, அவ்ளோதான். இதுல பெரிய வேடிக்கை, அத பாத்துட்டு கிளையண்டே "முதல்ல நீங்க சொன்ன ஐடியா எங்க போச்சு"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் வேலை பாக்கற முறையவே மாத்திட்டேன். புதுசா இந்த வேலைக்கு வர்றவங்களுக்காக அத வரிசையா எழுதறேன். ஸ்கிரிப்ட் எப்படி எழுதறதுன்னு இதுல இருக்காது, எழுதி அனுப்பினதுக்கு அப்புறம் நடக்கற கூத்து மட்டும்தான்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு வேலைய கடைசி வரைக்கும் எடுத்துட்டு போறேன். மருந்து, தடுப்பூசி மாதிரி சரக்க குளிர் வண்டில ஏத்திட்டு போற ஒரு கம்பெனிக்கு 90 செகண்ட் வீடியோ.

1. ஸ்கிரிப்டுக்கு முன்னாடி ஒரு வரிக்கு ஓகே வாங்குங்க

ப்ரீஃப் வந்த உடனே முழு ஸ்கிரிப்ட்ல உக்காராதீங்க. ஐடியாவ ஒரே வரில எழுதி அனுப்பி, "இந்த வரி ஓகேவா"ன்னு கேட்டு, பதில் மெயில்ல வர்ற வரைக்கும் காத்திருங்க. ஃபோன்ல "சூப்பர் சூப்பர்"னு சொன்னது கணக்குல வராது. நான் அனுப்புன வரி இது: "வெளிய வெயில், மழை, டிராஃபிக், ராத்திரின்னு எல்லாம் மாறிட்டே இருக்கு, வண்டிக்குள்ள இருக்கற ஒரு நம்பர் மட்டும் மாறல." டிரைவர் கேபின்ல இருக்கற டெம்பரேச்சர் டிஸ்ப்ளே, அதுல 5 டிகிரி, அதுதான் படத்தோட ஹீரோ.

இந்த வரிக்கு கீழயே எது மாறலாம் எது மாறக்கூடாதுன்னு ரெண்டு மூணு வரி சேருங்க. நான் எழுதினது: ஊர், வண்டி, டிரைவர், வாய்ஸ் ஓவர் வார்த்தைகள், கடைசி வாசகம் எல்லாம் மாத்திக்கலாம். படம் முழுக்க ஒரே ஒரு நம்பர் தான் வரணும், முதல் 20 செகண்ட்ல யாரும் பேசக்கூடாது, இது ரெண்டும் மாறினா அது வேற ஸ்கிரிப்ட். இத எழுதும்போது கொஞ்சம் திமிரா தெரியுமோன்னு கூச்சமா தான் இருக்கும். ஆனா பின்னாடி சண்டை வரும்போது "எனக்கு பிடிக்கல"ன்னு சொல்ல வேண்டிய இடத்துல "நாம ஒத்துக்கிட்ட வரி இது"ன்னு சொல்ல முடியறது இது கையில இருந்தா மட்டும்தான்.

அதே மெயில்லயே இன்னொரு கேள்வி: "கடைசியா யார் ஓகே சொன்னா ஷூட்டிங் போகும்? இந்த வரிய அவர் பாத்துட்டாரா?" நமக்கு மெயில் போடறவர் பெரும்பாலும் முடிவெடுக்கறவரா இருக்க மாட்டார். முடிவெடுக்கறவர் முழு ஸ்கிரிப்ட முதல் தடவையா ரெண்டாவது ரவுண்டுல பாத்தார்னா உங்களுக்கு ரெண்டாவது ரவுண்டு இல்ல, மறுபடி முதல் ரவுண்டு தான்.

2. கொட்டேஷன்ல என்ன எழுதணும்

எல்லாரும் "ரெண்டு ரவுண்டு கரெக்‌ஷன் உண்டு"ன்னு மட்டும் எழுதறோம். ரவுண்டுன்னா என்னன்னு எழுதறதில்ல. திங்கக்கிழமை ஒருத்தர் மூணு கமெண்ட், புதன்கிழமை இன்னொருத்தர் அதுக்கு நேர் எதிரா ரெண்டு கமெண்ட், வெள்ளிக்கிழமை வாட்ஸப்ல ஒரு வாய்ஸ் நோட், இது மூணு ரவுண்டா ஒரு ரவுண்டான்னு அப்புறம் உக்காந்து சண்டை போடணும். நான் இப்போ போடறது இப்படி:

- ஒரு ரவுண்டுன்னா உங்க பக்கத்துல எல்லாரோட கருத்தும் ஒரே ஃபைல்ல, ஒரே ஆள் மூலமா, ஒரே தடவை வர்றது. ஒண்ணுக்கொண்ணு முரணா இருந்தா அந்த ஆள் தீர்த்துட்டு அனுப்பணும்.
- டிராஃப்ட் கையில கிடைச்சு 3 வேலை நாளுக்குள்ள கருத்து வரணும். லேட் ஆனா அத்தனை நாள் டெலிவரியும் தள்ளும்.
- 2 ரவுண்டு கட்டணத்துக்குள்ள. அதுக்கு மேல ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஸ்கிரிப்ட் கட்டணத்துல 15 சதவீதம்.
- ஒத்துக்கிட்ட ஒரு வரி மாறினா அது புது ஸ்கிரிப்ட், மொத்த கட்டணத்துல 50 சதவீதம்.
- பணம்: ஒரு வரிக்கு ஓகே ஆனதும் 40, முதல் டிராஃப்ட் குடுத்ததும் 40, ஸ்கிரிப்ட் லாக் ஆனதும், அதாவது இனி மாத்தறதில்லன்னு கடைசி ஓகே வந்ததும் 20.

சதவீதம் நான் வச்சிருக்கற கணக்கு, உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. ஆனா கடைசி பாக்கி சின்னதா இருக்கணும், அதுல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க. பாதிப் பணம் லாக்குக்கு அப்புறம்தான்னா, ஆறாவது ரவுண்டுல எது கேட்டாலும் தலையாட்டிட்டு தான் இருப்பீங்க. நான் ஒம்பது வெர்ஷன் போனதுக்கு பாதி காரணம் இதுதான்.

டைம்னு பாத்தா ஒரு வரிக்கு 2 நாள், டிராஃப்டுக்கு 5 நாள், அவங்க கருத்துக்கு 3, நான் திருத்த 3, மறுபடி அவங்க 3, நான் 2. மொத்தம் 18 வேலை நாள். "ஒரு வாரத்துல வேணும்"னு கேட்டா இந்த கணக்கயே காட்டுங்க, இதுல மூணுல ஒரு பங்கு நாள் அவங்க கையில தான் இருக்குன்னு அவங்களுக்கே தெரியும்.

3. டிராஃப்ட மெயில்ல தூக்கி போட்டுட்டு போயிடாதீங்க

ஸ்கிரிப்ட் பக்கத்த ரெண்டா பிரிச்சு, இடது பக்கம் பாக்கறது, வலது பக்கம் கேக்கறது, ஒவ்வொரு கட்டத்துக்கும் நம்பர், பக்கத்துல செகண்ட் எழுதுவோம். பழக்கம் இல்லாதவங்க இத வாசிக்கும்போது வலது பக்கத்த மட்டும் தான் வாசிப்பாங்க. என் ஸ்கிரிப்ட்ல முதல் 20 செகண்ட் வலது பக்கம் காலி. மெயில்ல மட்டும் அனுப்பியிருந்தா "ஆரம்பத்துல ஒண்ணுமே இல்லயே"ன்னு தான் பதில் வந்திருக்கும்.

அதனால முதல்ல ஒரு 20 நிமிஷ கால் போட்டு, நானே வாசிச்சு காட்டுவேன், காட்சிய சொல்லும்போது அந்த அமைதி வர்ற இடத்துல நிஜமாவே நிறுத்தி வாசிப்பேன். அப்புறம்தான் ஃபைல் போகும். ஃபைல் பிடிஎஃப்பா போகட்டும், திருத்தற மாதிரி அனுப்பினா யாராவது உள்ள பூந்து நேரா வரிய மாத்தி வச்சிடுவாங்க, எது மாறிச்சுன்னே உங்களுக்கு தெரியாது. ஃபைல் பேர்ல வெர்ஷன் நம்பர் மட்டும் போதும், `Script_v1.pdf`, `Script_v2.pdf`. "ஃபைனல்"ங்கற வார்த்தைய லாக் ஆகற வரைக்கும் தொடாதீங்க.

மெயில்ல "உங்க கருத்த சொல்லுங்க"ன்னு கேக்கறது நமக்கு நாமே வச்சிக்கற ஆப்பு. அப்படி கேட்டா ஏதாவது சொல்லியே ஆகணும்னு எல்லாருக்கும் தோணும். கேள்விய குறுக்குங்க: தகவல் எதாவது தப்பா இருக்கா? சொல்லக்கூடாதது எதாவது சொல்லியிருக்கோமா? பாக்கறவருக்கு புரியாத இடம் எது? இந்த மூணு போதும்.

4. வந்த கமெண்ட்டுல உடனே கை வைக்காதீங்க, பிரிங்க

எனக்கு முதல் ரவுண்டுல அஞ்சு பேர்கிட்டேர்ந்து 23 கமெண்ட் வந்துச்சு. பாத்த உடனே வயித்த கலக்கும், கோவம் வரும், அன்னிக்கு பதில் போடாதீங்க. மறுநாள் ஒரு ஷீட் திறந்து ஒரு கமெண்ட்டுக்கு ஒரு வரி: யார் சொன்னது, எந்த கட்டம், அவங்க சொன்ன வார்த்தை அப்படியே, எந்த வகை, நான் என்ன பண்ணப்போறேன். வகை மூணே மூணு தான் வச்சிருக்கேன். தகவல், ஆசை, ஐடியாவ தொடறது. 23-ல 14 வெறும் தகவல், வண்டி மாடல் பேர், யூனிஃபார்ம் கலர் மாதிரி. அத கேள்வியே கேக்காம மாத்திடுங்க, அரை மணி நேர வேலை. மிச்சம் ஒம்பதுல நாலு தான் என்ன நிஜமா படுத்தி எடுத்துச்சு.

*குவாலிட்டி டிபார்ட்மெண்ட் சொன்னது:* "கேபின் டிஸ்ப்ளேல தெரியறது உள்ள இருக்கற காத்தோட டெம்பரேச்சர், மருந்தோடது இல்ல. டெலிவரிக்கு கதவ திறந்தா அது ஏறும். மாறாதுன்னு சொன்னா பொய்." இத வாசிச்சப்போ ஐடியா செத்துப்போச்சுன்னு தான் நெனச்சேன். இது தகவலும் தான், ஐடியாவயும் தொடுது, இந்த மாதிரி கமெண்ட்ட மறுக்கவே முடியாது, மறுக்கவும் கூடாது. நேரா அவருக்கே ஃபோன் போட்டேன், அப்போ மாறாதது எதுன்னு கேட்டேன். மருந்து பெட்டிக்குள்ளயே டெம்பரேச்சர பதிவு பண்ற ஒரு டேட்டா லாகர் வச்சிருப்போம், கொஞ்ச நேரம் கதவு திறந்திருந்தா காத்து சூடாகும், ஆனா நல்லா பேக் பண்ண பெட்டிக்குள்ள அவ்வளவு சீக்கிரம் ஏறாதுன்னு சொன்னார். அவ்ளோதான், ஹீரோ கேபின்லேர்ந்து பெட்டிக்குள்ள போயிட்டான். புதுசா ஒரு சீனும் கிடைச்சுது: கதவு திறக்குது, கேபின் டிஸ்ப்ளேல நம்பர் மங்கலா ஏறுது, கேமரா பெட்டிக்குள்ள போனா லாகர்ல அதே 5. முதல் டிராஃப்ட விட இது பல மடங்கு நல்லா இருந்துச்சு, ஒத்துக்கறேன்.

*மார்க்கெட்டிங் சொன்னது:* "ஓப்பனிங் ஸ்லோவா இருக்கு, ட்ரோன் ஷாட்ல ஆரம்பிக்கலாம்." இங்க தான் புதுசா வர்றவங்க ரெண்டுல ஒண்ணு பண்ணுவாங்க, ஒண்ணு ட்ரோன் ஷாட்ட எழுதிடுவாங்க, இல்ல ட்ரோன் ஏன் மட்டம்னு பக்கம் பக்கமா மெயில் போடுவாங்க. ரெண்டும் வேண்டாம். அவங்க சொல்றது மருந்து, நோய் என்னன்னு நாம தான் கேட்டு வாங்கணும். "ஆரம்பம் இப்படியே போச்சுன்னா என்ன ஆகும்னு நெனக்கறீங்க"ன்னு கேட்டேன். பதில்ல விஷயம் வெளிய வந்துச்சு: வீடியோவ ஒரு எக்ஸிபிஷன் ஸ்டால்ல சத்தம் இல்லாம ஓட்டப்போறாங்க, நடந்து போறவங்க அஞ்சு செகண்ட் தான் பாப்பாங்க, அதுக்குள்ள கம்பெனி பேர் தெரியணும். இது ப்ரீஃப்லயே இல்ல! முதல் ஷாட்ட மாத்தினேன், கம்பெனி பேர் எழுதின வண்டி கதவு ஸ்கிரீன் முழுக்க மூடுது, 2 செகண்ட், அடுத்தது நம்பர், பெருசா. ட்ரோன் வேணும்னு அதுக்கப்புறம் யாருமே கேக்கல.

*சேல்ஸ் சொன்னது:* எத்தனை வண்டி, எத்தனை ஊர், எத்தனை வருஷம், எல்லாம் வாய்ஸ் ஓவர்ல வரணும். இது ஆசை. ஆனா படத்துல ஒரே நம்பர்தான்னு ஒத்துக்கிட்டோமே, இன்னும் மூணு நம்பர் உள்ள வந்தா மாறாத அந்த நம்பர் கூட்டத்துல காணாம போயிடும், அதனால இது ஐடியாவையும் தொடுது. முடியாதுன்னு சொல்லல, இடத்த மாத்தினேன்: படம் முடிஞ்சதும் 4 செகண்ட் எண்டு கார்டு, மூணு நம்பரும் அதுல. காரணத்தையும் அந்த ஒரு வரிய காட்டியே சொன்னேன்.

*எம்டி ஆஃபீஸ் சொன்னது:* எம்டி நடுவுல 20 செகண்ட் பேசணும். இதுக்கு எதிரா வாதாடி ஜெயிச்சவங்கள நான் பாத்ததில்ல. அவர் என்ன சொல்ல ஆசைப்படறார்னு மட்டும் கேட்டேன். ராத்திரி முழுக்க முழிச்சிருக்கற டிரைவர்கள பத்தி ஒரு வார்த்தை சொல்லணுமாம். அட, நல்ல விஷயம். அந்த வரி வாய்ஸ் ஓவரோட கடைசி வரியாச்சு, அவர் பேசறத அதே ஷூட்டிங் நாள்ல தனியா 30 செகண்ட் எடுத்து ஸ்டாலுக்கும் சைட்டுக்கும் தனி வீடியோவா குடுக்கலாம்னு சொன்னோம். கூட ஒரு நாள் ஷூட்டிங் செலவு இல்ல, எடிட்டிங் மட்டும் கொஞ்சம் கூடும், தயாரிப்பு பக்கம் முன்னாடியே கேட்டு ஒத்துக்கிட்டு தான் இத சொன்னேன். அவங்கள கேக்காம நீங்களா வாக்கு குடுத்துடாதீங்க, அப்புறம் அவங்க திட்டு தனி.

5. சேத்தா எடுக்கணும், அத செகண்ட்ல காட்டுங்க

"ஒரே ஒரு வரி தானே"ன்னு தான் எல்லா கமெண்ட்டும் வரும். நிதானமா வாசிச்சா எனக்கு நிமிஷத்துக்கு 100 வார்த்தை சொச்சம் தான் வருது. 90 செகண்ட்ல 20 செகண்ட் அமைதி, 4 செகண்ட் எண்டு கார்டு போக மிச்சம் 66, அதுல மூச்சு விட இடம் வேணும்னா 90 வார்த்தை, அதுக்கு மேல போனா வாய்ஸ் ஆர்ட்டிஸ்ட் விளம்பர நிபந்தனை வாசிக்கற ஸ்பீடுல ஓடணும். உங்க கணக்குக்கு நீங்களே ஸ்டாப் வாட்ச் வச்சு சத்தமா வாசிச்சு பாருங்க, மனசுக்குள்ள வாசிச்சா எப்பவும் கம்மியா தான் காட்டும்.

இந்த கணக்க ஸ்கிரிப்ட் மேலயே எழுதி வைங்க: "இப்போ 88 வார்த்தை, எல்லை 90." அப்புறம் யாராவது 15 வார்த்தை சேக்க சொன்னா நீங்க மறுக்க வேண்டாம், "எந்த 13 வார்த்தைய எடுக்கலாம்"னு கேட்டா போதும். பாதி ஆசை அங்கயே நின்னுடும். நிஜமா முக்கியமானதா இருந்தா அவங்களே எதையோ வெட்டிட்டு வருவாங்க, அது நல்லது தான்.

6. ரெண்டாவது டிராஃப்ட்டும், லேட்டா வர்ற ஆளும்

ரெண்டாவது டிராஃப்ட்டோட அந்த ஷீட்டயும் அனுப்புங்க. ஒவ்வொரு கமெண்ட்டுக்கும் எதிர்ல என்ன பண்ணீங்கன்னு இருக்கணும், பண்ணாததுக்கு ஒரு வரி காரணம். தன்னோட கமெண்ட் காணோம்னு தெரிஞ்சா ஆள் அத இன்னும் சத்தமா திருப்பி சொல்வார், "பாத்தோம், இந்த காரணத்துக்காக இப்படி பண்ணியிருக்கோம்"னு எழுதியிருந்தா பெரும்பாலும் விட்டுடுவார். மெயில்ல தெளிவா கேளுங்க: இந்த ரவுண்டுல மாத்துன கட்டங்கள மட்டும் பாருங்க, 1, 2, 7, 9, 11. மாத்தாத கட்டத்துக்கு புது கமெண்ட் வந்தா முதல் ரவுண்டுல ஏன் வரலன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, மரியாதையா கேளுங்க.

கால்ல பேசி முடிவு பண்ணினா அன்னிக்கே மெயில் போடுங்க, மறுநாள் வேண்டாம். ரெண்டு நாள் கழிச்சு ஆளுக்கொரு ஞாபகம் இருக்கும்.

என் கேஸ்ல ரெண்டாவது ரவுண்டுல திடீர்னு லீகல் வந்தாங்க. "மாறலன்னு சொல்றது வாக்குறுதி மாதிரி, நாளைக்கு ஒரு கஸ்டமர் 6 டிகிரி காட்டுச்சுன்னு வந்து நிப்பார், அனுமதிச்சது 2-லேர்ந்து 8 வரைக்கும்." அவங்க சொன்னது சரி, நிறைய தடுப்பூசிங்களுக்கு அந்த அளவு தான். முதல் நாளே லீகல் பாப்பாங்களான்னு கேட்டிருக்கணும், நான் கேக்கல, தப்பு என்னுது. ரெண்டு நாள் மண்டைய உடைச்சிக்கிட்டேன். கடைசில நம்பர நிறுத்தி வைக்காம லேசா ஆடவிட்டேன், வாய்ஸ் ஓவர் "அஞ்சு. நாலு. மறுபடி அஞ்சு. எட்ட தாண்டல"ன்னு ஆச்சு. ஒரே நம்பர்ங்கறது போய் ஒரு எல்லைன்னு ஆயிடுச்சு, ஒத்துக்கிட்ட வரி அசைஞ்சுதா அசையலயான்னு எனக்கே சந்தேகம். வெளிய எல்லாம் ஆடுது, உள்ள அடங்கி இருக்குங்கறது அப்படியே இருக்கு, அதனால புது ஸ்கிரிப்ட்னு பணம் கேக்கல. ஒத்துக்கிட்ட அந்த ஒரு வரிய திருத்தி எழுதி, மெயில்ல மறுபடி ஓகே வாங்கிட்டேன்.

சில சமயம் காப்பாத்தவே முடியாது. பெட்டிக்குள்ளயும் அடிக்கடி எல்லைய தாண்டுதுன்னு குவாலிட்டி சொல்லியிருந்தா அந்த ஐடியாவ அன்னிக்கே கீழ போட்டிருக்கணும், ஒட்டு போட்டுட்டு இருக்கக்கூடாது. அப்போ நேரா சொல்லுங்க, இந்த வரி நிக்காது, புது வரி 2 நாள்ல தர்றேன், கட்டணம் கொட்டேஷன்ல இருக்கறபடி. ப்ரீஃப்ல அவங்க குடுத்த தகவல் தப்பா இருந்தா பணம் கேக்கலாம், நீங்க விசாரிக்காம விட்டிருந்தா கேக்காதீங்க.

7. லாக் மெயில்

ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சதும் "ஓகே போலாம்"னு ஒரு தம்ஸப் வரும். அத வச்சு ஷூட்டிங் போகாதீங்க. நான் அனுப்பற மெயில் இவ்ளோதான்: "`Script_v3.pdf` லாக். இதுக்கப்புறம் மாத்தினா வாய்ஸ் ரெக்கார்டிங், ஷூட்டிங், கிராஃபிக்ஸ் செலவு தனியா வரும். சரின்னா இந்த மெயிலுக்கு 'அப்ரூவ்டு'ன்னு பதில் போடுங்க." முடிவெடுக்கறவர் பேர் டூ-ல இருக்கணும், சிசி-ல இல்ல.

என் கேஸ்ல அந்த பதில் வர நாலு நாள் ஆச்சு, அந்த நாலு நாள் ஷூட்டிங்கும் தள்ளிச்சு. வாய்ஸ் ரெக்கார்டிங் முடிஞ்ச மறுநாள் சேல்ஸ்லேர்ந்து ஒருத்தர் ஃபோன் பண்ணி எண்டு கார்டுல ஒரு ஊர் கூடியிருக்கு மாத்த முடியுமான்னு கேட்டார். அது எழுத்து தானே, வாய்ஸ்ல இல்ல, அஞ்சு நிமிஷத்துல மாத்திக் குடுத்துட்டோம், பில்லுல போடல.